பதினோராவது பாயிண்ட்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் கிளையண்ட்டுக்குப் போய்விட வேண்டும். 1993-இல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும் வரை இருபத்தாறு வருடம் இந்த ஒரு கெடு மட்டும் மாறவே இல்லை. கம்பெனிகள் மாறின, ஃபேக்ஸ் போய் மெயில் வந்தது, மெயில் போய் டாஷ்போர்டு வந்தது. ஆயிரத்துக்கும் மேல் எழுதியிருப்பேன். அதில் எத்தனை படிக்கப்பட்டன என்று கணக்குப் பார்த்தால் மனசு சங்கடப்படும். பார்ப்பதில்லை.

என் முதல் மேனேஜர் கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். சென்னையில் பதினைந்து பேர் வேலை பார்த்த சின்ன கம்பெனி அது. ஒரு சர்க்கரை ஆலைக்கு, கரும்பு கொண்டுவரும் விவசாயிகளுக்குப் பட்டுவாடா போடும் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தோம். வாரம் ஒரு ஃபேக்ஸ் ஆலைக்குப் போகும். நான் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு போய் நின்றேன். என்னவெல்லாம் செய்தோம், எத்தனை ஸ்கிரீன் முடிந்தது, எத்தனை பிழை திருத்தினோம் என்று எல்லாம் இருந்தது. அவர் ஒவ்வொரு வாக்கியமாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இதைப் படிச்சுட்டு அந்த மனுஷன் என்ன செய்யணும்?" நான் முழித்தால் அந்த வாக்கியத்தின் மேல் பென்சில் கோடு விழும். ஒன்றரைப் பக்கத்தில் கடைசியில் மூன்று வரிதான் மிஞ்சியது.

மிஞ்சியதிலும் ஒரு வரியை அவர் விடவில்லை. "கரும்பு விலைப் பட்டியல் ஆலையிலிருந்து வரவேண்டியுள்ளது" என்று எழுதியிருந்தேன். "ஆலைன்னா யாரு? சிமினியா?" என்றார். அந்த வரியை அவரே திருத்தி எழுதினார். கரும்பு அதிகாரி 14-ஆம் தேதிக்குள் விலைப் பட்டியல் அனுப்ப வேண்டும். வராவிட்டால் முதல் பதினைந்து நாள் பில்லை ஆலையில் கையால்தான் போட வேண்டியிருக்கும். அன்று மதியமே பட்டியல் ஃபேக்ஸில் வந்தது. அதற்கு முந்தைய மூன்று வாரமும் நான் அதையேதான் கேட்டிருந்தேன். கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி.

அப்போது கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய். அடுத்த பத்து வருடத்தில் சுத்தமாக மறந்துபோனேன். பெரிய கம்பெனிக்கு மாறியதும் கையில் டெம்ப்ளேட் வந்தது. ஆறு பக்கம், எட்டுப் பிரிவு, ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு விளக்கு. டெம்ப்ளேட்டில் காலியாக ஒரு கட்டம் இருந்தால் அதை நிரப்பாமல் விட யாருக்கும் தைரியம் வராது. அதனால் நடக்காத விஷயத்துக்கும் ஒரு வாக்கியம் உண்டு. ரிஸ்க் என்ற பிரிவு ஐந்தாம் பக்கத்தில். முடிவு தேவைப்படுபவை என்று ஒரு பிரிவே கிடையாது. இருந்திருந்தாலும் ஏழாவதாகத்தான் இருந்திருக்கும்.

விளக்குகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பு போட்டால் மேலிடத்திலிருந்து போன் வரும், தினமும் கூட்டம் வைப்பார்கள், விளக்கம் எழுதச் சொல்வார்கள். பச்சை போட்டால் ஒன்றும் வராது. சிவப்புக்குத் தண்டனையும் பச்சைக்கு நிம்மதியும் என்று வைத்துவிட்டால் எல்லா ரிப்போர்ட்டும் பச்சையாகத்தான் வரும். எங்கள் வட்டாரத்தில் அதற்குத் தர்பூசணி ரிப்போர்ட் என்று பெயர். வெட்டிப் பார்க்கும் வரை பச்சை.

சதவீதமும் அப்படித்தான். தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்று ஒரு வேலையைப் பற்றி ஒருவர் ஐந்து வாரம் தொடர்ந்து எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசில் அது தொண்ணூறாகவே இருந்தது. அதன் பிறகு என் டீமில் சதவீதத்தை நிறுத்திவிட்டு எண்ணிக்கை கேட்டேன். நாற்பது ரிப்போர்ட்டில் எத்தனையைக் கிளையண்ட் பார்த்து ஒப்புக்கொண்டார்? முப்பத்தொன்று. போன வாரம்? முப்பது. இந்த இரண்டு எண்ணை அடுத்தடுத்து வைத்தால் விளக்கே வேண்டாம்.

நடுவில் ஒரு ஸ்லைடு என் கண்ணைத் திறந்தது. அது எங்கள் தொழிலைச் சேர்ந்ததே அல்ல. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் உடைந்து கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்ததை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜனவரி 16-இல் கலம் கிளம்பி 82 வினாடி ஆனபோது எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு கழன்று இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தை ஆராய்ந்து, நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடு, தகவல் வடிவமைப்பைப் பற்றி எழுதும் எட்வர்ட் டஃப்டியின் அலசலோடு, விபத்து விசாரணைக் குழு 2003 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது.

அந்த ஸ்லைடின் தலைப்பைப் படித்தால், சோதனைத் தரவுகளைப் பார்த்தவரை கணக்கு பாதுகாப்பான பக்கமே சாய்ந்திருக்கிறது என்ற எண்ணம் வரும். அதற்குக் கீழே வரிக்குள் வரியாக உள்ளே தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியில், சின்ன எழுத்தில், விஷயம் இருக்கிறது: சோதனை செய்த நுரைத் துண்டின் அளவு 3 கன அங்குலம், கழன்று விழுந்த துண்டின் மதிப்பீடு 1,920 கன அங்குலம். அறுநூற்று நாற்பது மடங்கு. அதாவது நம்மிடம் இருக்கும் சோதனை எதுவும் இதற்குப் பொருந்தாது. தலைப்பில் இருக்க வேண்டிய செய்தி கடைசி மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. யாரும் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் எழுதித்தான் இருந்தது. ஸ்லைடு வேறு மாதிரி இருந்திருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை, விபத்துக்கான காரணங்கள் நிறைய. ஆனால் அன்று என் ஆறு பக்க டெம்ப்ளேட்டை எடுத்துப் பார்த்தபோது கை கூசியது.

இருந்தும் விஷயம் எனக்கு முழுசாக உறைத்தது 2017-இல், ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் வேலையில்.

தமிழ்நாட்டில் அவர்களுக்கு 140 கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த பழைய மென்பொருளை எடுத்துவிட்டு, எல்லாக் கிளைக்கும் பொதுவாக ஒரே மையமான அமைப்புக்கு மாற்ற வேண்டும். 2018 பொங்கலை நாள் குறித்திருந்தோம். ஜனவரி 13 சனிக்கிழமை மாலை கடை சாத்தினால் புதன் 17 காலைதான் திறப்பார்கள். அந்த மூன்று நாளில் எல்லாக் கடன் கணக்கையும் புதிய அமைப்புக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

நகைக்கடனில் இரண்டு எடை உண்டு. தராசில் வைத்தால் வருவது மொத்த எடை. கல், அரக்கு எல்லாவற்றையும் கழித்தால் வருவது நிகர எடை. கடன் கொடுப்பது நிகர எடைக்குத்தான். நகையிலிருக்கும் தங்கத்தின் மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கடன் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் வரம்பு 2014-லிருந்து இருந்தது. புதிய அமைப்பு ஒவ்வொரு கடனுக்கும் இதைத் தானாகக் கணக்குப் போட்டுப் பார்க்கும். அதற்கு நிகர எடை வேண்டும். பழைய மென்பொருளில் அந்தக் கட்டம் கட்டாயம் இல்லை. சில கிளைகளில் மொத்த எடையை மட்டும் ஏற்றிவிட்டு, நிகர எடையைக் கையால் எழுதிய அட்டையில் வைத்திருந்தார்கள். சில இடத்தில் அட்டையும் இல்லை. முதல் ஒத்திகையை அக்டோபரில் ஓட்டியபோது 11,400 கடன்களில் நிகர எடை காலியாக இருந்தது தெரிந்தது.

ரிப்போர்ட் எழுதும் பொறுப்பு டீமில் ஒரு பெண்ணிடம் இருந்தது. ரொம்பக் கெட்டிக்காரி, எதையும் விடமாட்டாள். விடாததுதான் பிரச்சினை. நவம்பர் 27 திங்கட்கிழமை அவள் அனுப்பவிருந்த வரைவை நான் ஏனோ முழுசாகப் படித்தேன். பொருள் வரியில் "வாராந்திர நிலை அறிக்கை – வாரம் 22" என்று இருந்தது. மொத்த நிலவரம் பச்சை. சென்ற வாரம் செய்த பதினாறு வேலைகள், இந்த வாரம் செய்யப்போகும் பன்னிரண்டு. பிறகு கவனிக்க வேண்டியவை என்று பதினான்கு பாயிண்ட். பதினோராவது இது: "பழைய தரவில் சில புலங்கள் முழுமையாக இல்லை. தரவு சுத்திகரிப்பு நடைபெற்று வருகிறது. கிளையண்ட் தரப்புடன் தொடர்ந்து பேசி வருகிறோம்."

முந்தைய ஐந்து வார ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார்த்தேன். ஐந்திலும் அதே வாக்கியம். ஒரு வாரம் மட்டும் ஒன்பதாவது பாயிண்ட்டாக இருந்து கீழே இறங்கியிருந்தது.

"இது என்னம்மா, சில புலங்கள்?"

"நிகர எடை சார். பதினோராயிரத்து நானூறு இருக்கு."

"தொடர்ந்து பேசி வருகிறோம்னா யார் கூட?"

"அவங்க ஐடி ஹெட் கூட. அவரு ஆபரேஷன்ஸ்ல கேட்டுச் சொல்றேன்னாரு."

"எப்போ சொன்னாரு?"

"நவம்பர் மூணாம் தேதி சார்."

பாக்கெட்டைப் பிரித்து நகையை மறுபடி எடை போடச் சொல்ல ஐடி ஹெட்டுக்கு அதிகாரம் கிடையாது. அது ஆபரேஷன்ஸ் தலைவர் சொல்ல வேண்டியது. கிளையில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். ஒரு பாக்கெட்டை எடுக்க இரண்டு பேரும் நிற்க வேண்டும். அப்ரைசர் சீலை உடைத்து, எடை போட்டு, கல்லுக்குக் கழித்து எழுதி, இருவர் கையெழுத்தோடு மறுபடி சீல் வைக்க வேண்டும். எங்கள் ரிப்போர்ட் அந்தத் தலைவருக்கும் வாரா வாரம் போய்க்கொண்டுதான் இருந்தது. அவர் படிக்கவில்லை என்று குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பச்சை என்று முதல் வரியில் சொன்ன பிறகு பதினோராவது பாயிண்ட் வரை யார் வருவார்கள்?

அன்று மதியம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எழுத்து வேலை அதில் கால்வாசிதான். முக்கால்வாசி கணக்கு.

முதல் கேள்வி: இந்த முடிவு எந்தத் தேதிக்குள் வராவிட்டால் பயனில்லாமல் போகும்? "சீக்கிரம்" என்று எழுதுவது எளிது. ஆனால் பெரிய பதவியில் இருப்பவருக்கு வரும் எல்லா மெயிலும் சீக்கிரம் என்றுதான் சொல்லும். தேதியைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். கடைசி முழு ஒத்திகை ஜனவரி 5 வெள்ளி இரவு தொடங்கும். அதற்கு முந்தைய நாள் 4-ஆம் தேதி மாலைக்குள் எடை எல்லாம் ஏறியிருக்க வேண்டும். ஒரு கிளையில் வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொண்டே ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் பிரித்து எடை போடலாம்? எங்களுக்குத் தெரிந்த ஒரு கிளை மேனேஜரைப் போனில் கேட்டோம். "பன்னெண்டு. அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார்.

11,400-ஐ 140 கிளையால் வகுத்தால் கிளைக்கு 81. பன்னிரண்டு வீதம் ஏழு நாள். நிறைய நேரம் இருக்கிறது என்றுதான் தோன்றும். அந்தப் பெண் உடனே பட்டியலைக் கிளை வாரியாகப் பிரித்துப் போட்டாள். பழைய கிளைகள் இருபதில் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 இருந்தது. மற்ற 120 கிளைகளில் 62 வீதம்தான். 62 என்றால் ஆறு நாள். 200 என்றால் பதினேழு நாள். சராசரி ஏழு நாள் என்று சொன்ன இடத்தில் உண்மை பதினேழு நாளாக இருந்தது. ஜனவரி 4-லிருந்து ஞாயிறுகளையும் கிறிஸ்துமஸையும் விட்டுப் பின்னோக்கி எண்ணினால் பதினேழாவது வேலை நாள் டிசம்பர் 15 வெள்ளி. சுற்றறிக்கை தயாரித்து, கிளைகளுக்கு அனுப்பி, அப்ரைசர்களை ஏற்பாடு செய்ய ஒரு வாரம். ஆக டிசம்பர் 8. இன்றிலிருந்து பதினோரு நாள்.

இந்தக் கணக்கு முடிந்ததும் அவள் முகம் மாறியது. ஐந்து வாரம் அந்த வாக்கியத்தை எழுதியவளுக்கே அது இவ்வளவு பக்கத்தில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ரிஸ்க்கைத் தேதியோடும் எண்ணோடும் எழுத முயன்றால் முதலில் எழுதுகிறவருக்குத்தான் புரியும். "நடைபெற்று வருகிறது" என்று எழுத எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வழிகள். மூன்று இருந்தன. எல்லாப் பாக்கெட்டையும் பிரித்து எடை போடுவது. அல்லது மொத்த எடையில் ஒரு குறிப்பிட்ட பங்கைக் கழித்து நிகர எடையாக ஏற்றிவிட்டு, கடன் புதுப்பிக்கவோ மீட்கவோ வரும்போது எடை போட்டுச் சரிசெய்வது. அல்லது அந்த இருபது கிளைகளைப் பொங்கலுக்கு மாற்றாமல் பழைய மென்பொருளிலேயே விட்டுவிட்டுப் பின்னால் மாற்றுவது. இரண்டாவது வழி எங்களுக்கு ரொம்ப சௌகரியம், நாலு வரி புரோகிராம். ஆனால் கழித்தது குறைவாக இருந்தால் வரம்பு மீறிய கடன் சரியான கடனாகத் தெரியும். ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று எங்களுக்கே தோன்றியது. அதையும் எழுதினோம். ஒருவரிடம் மூன்று வழியைக் கொடுத்துவிட்டு நம் அபிப்பிராயத்தைச் சொல்லாமல் விட்டால், அவர் நம்மைக் கூப்பிட்டு "நீங்க என்ன சொல்றீங்க?" என்றுதான் கேட்கப் போகிறார். ஒரு வாரம் போய்விடும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது: டிசம்பர் 8 வரை பதில் வராவிட்டால் என்ன? இதை எழுதாத கோரிக்கை கோரிக்கையே அல்ல என்பது என் அனுபவம். ஆனால் இங்கே ஒரு எல்லை உண்டு. பதில் வராவிட்டால் நாங்கள் செய்வோம் என்று சொல்வது எங்கள் கைக்குள் இருக்க வேண்டும், பின்னால் திருப்பிக்கொள்ளக் கூடியதாகவும் இருக்க வேண்டும். "பதில் வராவிட்டால் பாக்கெட்டைப் பிரிப்போம்" என்று நாங்கள் சொல்ல முடியாது, நகை எங்களுடையதா? "குத்துமதிப்பாகக் கழித்து ஏற்றுவோம்" என்றால் அது மிரட்டல், பின்னால் எங்கள் கழுத்துக்கே வரும். இருபது கிளையை விட்டுவிடுவது மட்டும்தான் எங்களால் தானாகச் செய்யக்கூடியது, யாருக்கும் சேதமில்லாதது.

மெயிலை எழுதியபோது மணி ஐந்து. ஆங்கிலத்தில்தான் எழுதினோம், இங்கே தமிழில் தருகிறேன். பொருள் வரி: "டிசம்பர் 8-க்குள் முடிவு தேவை: நிகர எடை இல்லாத 11,400 கடன்கள்." உள்ளே:

"பொங்கல் மாற்றத்துக்கான மற்ற வேலைகள் நாள்படி நடக்கின்றன. ஒரு விஷயம் மட்டும் அதைத் தடுக்கக்கூடும். 11,400 கடன்களில் நிகர எடை இல்லை. அது இல்லாமல் புதிய அமைப்பு அந்தக் கடன்களை ஏற்காது. ஜனவரி 17 காலை அந்த வாடிக்கையாளர்கள் நகையை மீட்க வந்தால் கிளையில் ரசீது போட முடியாது.

ஆபரேஷன்ஸ் தலைவர் முடிவு செய்ய வேண்டியது: பாக்கெட்டுகளைப் பிரித்து எடை போடக் கிளைகளுக்கு உத்தரவிடலாமா? எங்கள் பரிந்துரை: போடலாம். 120 கிளைகளில் ஆறு நாள் வேலை. 20 கிளைகளில் பதினேழு நாள், அதனால் டிசம்பர் 15-இல் தொடங்கியாக வேண்டும். கூடுதல் அப்ரைசர்கள் கிடைத்தால் குறையும்.

டிசம்பர் 8 மாலை வரை முடிவு வராவிட்டால் இந்த 20 கிளைகளைப் பொங்கல் மாற்றத்திலிருந்து எடுத்துவிடுவோம். அவை பழைய மென்பொருளில் தொடரும்."

அதற்குக் கீழே மற்ற இரண்டு வழிகளும் இரண்டிரண்டு வரியில். பிறகு இன்னொரு ரிஸ்க்: மலைப்பகுதிக் கிளைகளில் இணைய இணைப்பு. அதற்கு யாரும் இப்போது எதுவும் செய்ய வேண்டாம், டிசம்பர் 20 சோதனைக்குப் பிறகு சொல்கிறோம் என்று ஒரே வரி. முடிவு கேட்கும் ரிஸ்க்கும், தெரிந்துகொண்டால் போதும் என்ற ரிஸ்க்கும் ஒரே பட்டியலில் இருந்தால் முதலாவது இரண்டாவதைப் போல ஆகிவிடும். செய்த பதினாறு வேலையும், செய்யப்போகும் பன்னிரண்டும் இணைப்பில் போயின. அவற்றைத் தூக்கி எறியவில்லை. தேடுகிறவருக்கு இருக்கட்டும்.

அனுப்புவதற்கு முன்னால் இரண்டு போன் போட்டேன். ஒன்று அந்த ஐடி ஹெட்டுக்கு. அவர் தலைக்கு மேலே போய் எழுதுகிறோம் என்று அவருக்கு மெயிலில் தெரிந்தால் அடுத்த ஒரு வருடம் அவரோடு வேலை செய்ய முடியாது. "நானே கேக்கணும்னு இருந்தேன், நீங்க எழுதுங்க, என் பேரையும் சேத்துக்கோங்க" என்றார். கொஞ்சம் நிம்மதிகூட அடைந்தார் என்று நினைக்கிறேன். இன்னொன்று எங்கள் டெலிவரி மேனேஜருக்கு. அவர் நிம்மதி அடையவில்லை. "அஞ்சு வாரம் பச்சை, இப்ப திடீர்னு இதா? ஒரு மஞ்சளா போட்டு, கொஞ்சம் சாஃப்ட்டா எழுதக் கூடாதா?" என்றார்.

இது எல்லா இடத்திலும் நடப்பதுதான், அவரைத் தனியாகக் குறை சொல்வதற்கில்லை. ரிப்போர்ட் ஒவ்வொரு படியாக மேலே ஏற ஏறக் கொஞ்சம் சர்க்கரை சேரும். டெவலப்பர் "முடியாது" என்பார், லீடு "கஷ்டம்" என்பார், மேனேஜர் "சவால்" என்பார், அதற்கு மேலே "வாய்ப்பு" ஆகிவிடும். நான் அவரிடம் விளக்கின் நிறத்தை விட்டுக்கொடுத்தேன். மஞ்சளே இருக்கட்டும். ஆனால் பொருள் வரி, தேதி, பதில் வராவிட்டால் என்ன என்ற வாக்கியம், இந்த மூன்றிலும் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது என்றேன். நிறம் கருத்து. தேதி கணக்கு. கணக்கோடு யாரும் ரொம்ப நேரம் சண்டை போட மாட்டார்கள். ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை ஆபரேஷன்ஸ் தலைவரே கூப்பிட்டார்.

"இது எப்போலேருந்து தெரியும்?"

"அக்டோபர்லேருந்து சார்."

"எனக்கு ஏன் சொல்லலை?"

பதினோராவது பாயிண்ட்டில் சொல்லியிருக்கிறோம் என்று வாய்வரை வந்தது. சட்டப்படி அது உண்மை. மெயில் எடுத்துக் காட்டியிருக்கலாம். "உங்களுக்குத் தெரியற மாதிரி சொல்லலை சார்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த இருபது கிளைப் பட்டியலைக் கேட்டார்.

முடிவு டிசம்பர் 8-க்கு முன்பே, 1-ஆம் தேதி வந்தது. நாங்கள் எழுதிய மூன்று வழியில் எதுவும் அப்படியே அல்ல. எடை போடுவது, ஆனால் இருபது கிளைகளுக்குப் பக்கத்துக் கிளைகளிலிருந்து அப்ரைசர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்புவது. அது எங்களுக்குத் தோன்றியிருக்காது, எங்களுக்கு அந்த ஆட்களைத் தெரியாது. பதினான்கு கிளைகள் நேரத்துக்கு முடித்தன. ஆறு கிளைகள் முடிக்கவில்லை, அவற்றை விட்டுவிட்டுத்தான் பொங்கல் மாற்றம் நடந்தது. ஏப்ரலில் அவையும் வந்து சேர்ந்தன.

இதற்குப் பிறகு உற்சாகத்தில் நாங்களே ஒரு தப்பும் செய்தோம். இந்த வடிவம் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் டிசம்பர் நடுவில் ஒரு வாரம் ஐந்து முடிவு கேட்டு மெயில் போனது. ரசீதில் லோகோ எந்தப் பக்கம், பயிற்சி வகுப்பு எந்த ஊரில் என்பதெல்லாம் முடிவு கேட்கும் பட்டியலில் ஏறிவிட்டது. ஐந்துக்கும் பதில் வரவில்லை. அடுத்த வாரம் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டு மற்ற நாலையும் நாங்களே தீர்மானித்து, இப்படிச் செய்கிறோம் என்று இணைப்பில் போட்டோம். அந்த ஒன்றுக்கு அன்றே பதில் வந்தது. மற்ற நாலைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. ஒருவர் வாரத்தில் நமக்காக எத்தனை முறை நின்று யோசிப்பார் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. அதை லோகோவில் செலவழித்தால் நிகர எடைக்கு மிஞ்சாது.

ஒரே கோரிக்கையை மூன்றாவது வாரமும் அதே வார்த்தையில் அனுப்பக் கூடாது என்றும் அப்போது பழக்கம் வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் பதில் வராவிட்டால் வரி மாற வேண்டும். "இந்த முடிவு 8 நாளாக நிலுவையில், இன்னும் 3 நாள்" என்று எண் குறைந்துகொண்டே வர வேண்டும். மாறாத வரி சுவரோடு சுவராகிவிடும். அதுவும் வேலை செய்யாவிட்டால் எழுதுவதை நிறுத்திவிட்டு நேரில் போய் உட்கார வேண்டியதுதான். மெயிலால் தீராத விஷயம் இருக்கிறது.

ஜனவரி 17 புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு நாங்கள் எட்டுப் பேர் ஒரு அறையில் போன்களோடு உட்கார்ந்திருந்தோம். மலைப்பகுதி இணைப்பு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நிகர எடை பற்றி ஒரு புகாரும் இல்லை. ஒன்பது நாற்பதுக்கு முதல் போன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. அடகுச் சீட்டு அச்சாகிறது, ஆனால் முன்பே அச்சடித்து வைத்திருக்கும் தாளில் வாடிக்கையாளர் பெயர் கட்டத்துக்குள் விழாமல் கம்பெனி முகவரியின் மேலே விழுகிறது. பத்து நிமிடத்தில் பதினேழு கிளையிலிருந்து அதே போன். பழைய பிரிண்டர் வைத்திருந்த கிளைகள் எல்லாம். எங்கள் எந்த ரிப்போர்ட்டிலும், முதல் பாயிண்ட்டாகவோ பதினோராவதாகவோ, பிரிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. யாருக்கும் அது தோன்றவே இல்லை.

அந்தப் பெண் என்னைக் கேட்காமலேயே மடிக்கணினியைத் திறந்தாள். பொருள் வரியில் "இன்று 11 மணிக்குள் முடிவு தேவை" என்று அடித்துவிட்டு, நிமிர்ந்து, "சார், வெள்ளைத் தாளில் அச்சடிச்சுக் கொடுக்க யாரு ஓகே சொல்லணும்?" என்றாள்.